ஸ்டட்ஸுக்குப் பாதத்தை அளங்கள், ஷின் கார்டுக்குக் கணைக்காலை அளங்கள்: உயரப் பட்டியலை நம்ப வேண்டாம்

வாசகர் கடிதம்:

மேடம், நாங்கள் கோத்தகிரி பக்கம். பையனுக்கு 13 வயது முடிந்துவிட்டது, பள்ளி டீமில் ஃபுட்பால் ஆடுகிறான். உயரம் 158 செ.மீ. ஆன்லைனில் 150–160 உயரத்துக்கு எஸ் என்று போட்டிருந்ததால் எஸ் ஷின் கார்டு வாங்கினேன். 18 செ.மீ. நீளம்தான் இருக்கிறது, மேலும் கீழும் கால் வெறுமனே தெரிகிறது. என் அண்ணன் பையனுடைய எல் (25 செ.மீ.) போட்டால் முட்டிக்குக் கீழே இருக்கும் புடைப்பில் இடித்து வலிக்கிறது என்கிறான். அந்தப் புடைப்பிலிருந்து கணுக்கால் மடிப்பு வரை அளந்தோம், 29 வந்தது. ஸ்டட்ஸ் ஷூ விஷயம் இன்னும் மோசம். ஸ்கூல் ஷூ 6, அதனால் இரண்டு வருஷம் வரட்டும் என்று 7 வாங்கி முன்னால் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஷூ சின்னதாகிவிட்டதா, 8 வாங்க வேண்டுமா? காகிதத்தில் நிற்க வைத்து வரைந்து பார்த்ததில் இடது 24.3, வலது 24.7. அவருக்கு எஸ்டேட்டில் வேலை, அடிக்கடி புதிது வாங்கித் தர முடியாது.

— ஒரு தாய், நீலகிரி

விளையாட்டு பிசியோதெரபிஸ்ட் பதில்:

ஷூ சின்னதில்லை அம்மா, பெரிது. நகம் கறுத்ததற்குக் காரணமே அதுதான். ஷூ இறுக்கமாக இருந்தால்தான் நகம் கறுக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், இறுக்கமான ஷூவிலும் அது நடக்கும்தான், ஆனால் தொளதொளப்பான ஷூவில் என்ன ஆகிறதென்றால் ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது ஷூவின் அடியில் இருக்கும் ஸ்டட் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, ஷூ நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் கால் மட்டும் முன்னால் வழுக்கிப் போய் நுனியில் முட்டுகிறது. ஒரு மேட்சில் எத்தனை முறை நிற்பான், திரும்புவான் என்று பாருங்கள். அத்தனை முறையும் நகத்துக்கு அடியில் இடி விழுந்து ரத்தம் கட்டியிருக்கிறது. நீங்கள் வைத்த பஞ்சு வியர்வையில் நனைந்து ஒரு கட்டியாகி, விரல் போய் மோதுவதற்கு இன்னொரு சுவர் ஆகிவிடும். 8 வாங்கினால் இதே கதை இன்னும் மோசமாகும்.

உங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். உயரப் பட்டியலைப் பார்த்து ஷின் கார்டு, ஸ்கூல் ஷூ எண்ணைப் பார்த்து ஸ்டட்ஸ் என்றுதான் கடையிலும் கேட்கிறார்கள். வளர்ந்து முடித்த ஆளுக்கு அது ஓரளவு சரியாகவே வரும். 13 வயதுப் பையனுக்கு ஏன் வராது என்றால், இந்த வயதில் உடம்பு எல்லா இடத்திலும் ஒன்றாக வளர்வதில்லை. முதலில் பாதம் நீள்கிறது, அதன்பின் கால் எலும்புகள், கடைசியாகத்தான் இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு. திடீரென்று பாதம் மட்டும் பெரிதாகிப் பையன் தடுக்கித் தடுக்கி நடப்பதையும், பேன்ட் மேலே ஏறிக் கணுக்கால் தெரிய ஆரம்பித்த பிறகும் சட்டை அதே சைஸில் நிற்பதையும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். 158 என்ற உயரத்தில் கால் எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்பது பையனுக்குப் பையன் மாறும், அதே பையனுக்கே ஆறு மாதத்தில் மாறும். அதனால் உயரத்தை விட்டுவிடுங்கள். டேப் எடுத்து, வாங்கப்போகும் பொருள் காலில் எங்கே உட்காருமோ அந்த இடத்தை மட்டும் அளங்கள். நீங்கள் ஏற்கெனவே அளந்து அனுப்பியிருப்பதால் எனக்கு வேலை சுலபம்.

ஷின் கார்டு: 29-இல் எவ்வளவை மறைக்க வேண்டும்?

கணைக்காலின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு, நடுவில் சதையே கிடையாது. பின்பக்கம் கெண்டைச்சதை இருப்பதுபோல் முன்பக்கம் மெத்தை இல்லாததால்தான் அங்கே ஒரு உதை பட்டால் உயிர் போகிறது. ஷின் கார்டு செய்வது என்னவென்றால், ஒரே புள்ளியில் விழும் அடியைத் தன் பரப்பு முழுவதும் பரப்பிவிடுவது. அதனால் கார்டின் கெட்டியான ஓடு, எலும்பின் வளைவோடு ஒட்டி உட்கார்ந்து, நடுப்பகுதியை முழுக்க மறைத்திருக்க வேண்டும். மிகப் பலமான உதையில் எலும்பு முறிவதை எந்த ஷின் கார்டும் உறுதியாகத் தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அளவெடுக்கும் முறை இது. பையனை நாற்காலியில் உட்கார வையுங்கள், முழங்கால் மடங்கியிருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும், ஸ்டட்ஸும் ஃபுட்பால் சாக்ஸும் போட்டிருக்கட்டும். ஷூவையும் போட்டே அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் கீழே வருகிறேன். முழங்கால் சில்லுக்குக் கீழே கையை இறக்கினால் எலும்பில் ஒரு முட்டு தட்டுப்படும், நீங்கள் எழுதிய புடைப்பு அதுதான். அதற்குக் கீழே இரண்டு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போடுங்கள். அடுத்து கணுக்காலுக்கு முன்னால் பாதம் மடங்கும் மடிப்பு. அங்கிருந்து மேலே இரண்டு மூன்று விரல் விட்டு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஷின் கார்டின் நீளம்.

உங்கள் பையனுக்கு மொத்தம் 29. மேலே மூன்றரை, கீழே நான்கு கழித்தால் இருபத்தொன்றரை. ஆகவே 21-இலிருந்து 22 செ.மீ. வரை உள்ளதைத் தேடுங்கள். நீங்கள் வாங்கிய 18 குறைவு, அதைப் போட்டால் மூன்று நான்கு சென்டிமீட்டர் எலும்பு சும்மா திறந்து கிடக்கும், அதுவும் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஓட ஓடக் குட்டையான கார்டு சாக்ஸுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் பையனுடைய 25, உட்கார்ந்து போட்டுப் பார்க்கும்போது சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். ஓடும்போது பாதம் மேலே மடங்குகிறது, ஷூவின் நாக்கு கார்டின் அடியை மேலே தள்ளுகிறது, கார்டின் மேல் விளிம்பு போய்ப் புடைப்பில் குத்துகிறது. ஷூவோடு அளக்கச் சொன்னது இதற்காகத்தான். எதைப் போட்டாலும் குதிகாலைத் தரையில் ஊன்றியபடி விரல்களை மேலே தூக்கச் சொல்லுங்கள், அப்புறம் முழுதாகக் குந்தச் சொல்லுங்கள். இரண்டிலும் மேலேயும் இடிக்கக் கூடாது, கீழேயும் இடிக்கக் கூடாது.

எழுத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ் நீளத்தில் இருக்கும். கடைக்குப் போனால் டேப்பைக் கையில் கொண்டுபோய் ஓட்டின் நீளத்தை அளங்கள், துணி விளிம்பைச் சேர்க்க வேண்டாம். ஆன்லைன் என்றால் பொருளின் நீளம் சென்டிமீட்டரில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போடாததை விட்டுவிடுங்கள்.

கோச் பெரிதாக வாங்கச் சொன்னால் விதி அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கால்பந்து விதிகளில் நான்காவது விதி, ஷின் கார்டு கட்டாயம், தகுந்த பொருளால் செய்ததாக இருந்து போதுமான பாதுகாப்பு தர வேண்டும், சாக்ஸுக்குள் மறைந்திருக்க வேண்டும் என்கிறது. இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கில்லை, அளவும் தகுதியும் ஆடுகிறவரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். டிவியில் பார்க்கிற பெரிய ஆட்டக்காரர்கள் உள்ளங்கை அளவுக்கு ஒன்றைச் சொருகிக்கொண்டு ஆடுகிறார்களே என்று பையன் கேட்பான், இந்த வயதில் எல்லோரும் கேட்கிறார்கள். அது அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் ஆபத்து. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்புக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தப் புடைப்பைப் பற்றி

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தொடையின் முன்தசை, முழங்கால் சில்லைத் தாண்டி வந்து அந்த முட்டில்தான் போய்ப் பிடித்துக்கொள்கிறது. வளரும் வயதில் அந்த இடம் முழு எலும்பாகாமல் பாதி குருத்தெலும்பாக இருக்கும். ஓடுவது, குதிப்பது, உதைப்பது என்று தசை இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே வீங்கும், தொட்டால் வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். விளையாடுகிற பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறோம். கார்டு போடாத நாளிலும் படி இறங்கும்போதோ மண்டியிடும்போதோ வலித்தால் இதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் எழுத்தில் முடிவு சொல்ல முடியாது, ஒருமுறை எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிவிடுங்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானாக அடங்கிவிடும், அதுவரை ஆட்டத்தைக் கொஞ்சம் குறைப்பதும், வலித்தால் ஐஸ் வைப்பதும், தொடைத் தசையை நீட்டும் பயிற்சியும்தான் வைத்தியம். புடைப்பு மட்டும் நிரந்தரமாக நின்றுவிடலாம், அதனால் தொந்தரவு இல்லை.

கார்டு வாங்குவதில் இது எப்படி வருகிறதென்றால், கார்டின் விளிம்போ, அதன் மேல் வாரோ அந்த இடத்தில் படவே கூடாது. மேல் வார் உள்ளதை விட, சாக்ஸுக்குள் மெல்லிய உறை போட்டு அதற்குள் ஓட்டைச் சொருகும் வகை இவனுக்கு நல்லது. ராத்திரி தூங்கும்போது வலித்தால், முழங்காலே வீங்கினால், காய்ச்சல் வந்தால், ஆடாத நாளிலும் நொண்டினால் தள்ளிப்போடாதீர்கள். குதிக்கும்போது அங்கே சடக்கென்று உடைந்தது போல் ஆகி, காலை நீட்டவே முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்டட்ஸ்: ஷூவில் எந்த எண்ணைப் பார்ப்பது?

நிற்க வைத்து வரைந்தது நல்ல காரியம். பாதி பேர் உட்கார வைத்து வரைந்துவிடுகிறார்கள். எடை இறங்கினால் பாதம் நீளும், அகலும், ஆகவே நின்றுதான் அளக்க வேண்டும். அப்படியே இன்னொரு முறை அளங்கள், ஆடி முடித்த சாயங்காலத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, ஆடும்போது போடுகிற அதே சாக்ஸோடு. காலைக் குளிரில் அளந்தால் சற்றுக் குறைவாக வரும், வீட்டில் போடும் கம்பளி சாக்ஸோடு அளந்தால் அதிகமாக வரும், நம் ஊரில் இரண்டுமே நடக்கிறது. நீளமான விரல் எதுவோ அதுவரை அளங்கள், சிலருக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளமாக இருக்கும்.

வலது 24.7, இடது 24.3. இரண்டு காலும் வேறு வேறாக இருப்பது சாதாரணம்தான். பெரிய காலுக்குத்தான் ஷூ. சின்ன காலுக்கு வேண்டுமானால் உள்ளே இன்னொரு மெல்லிய அட்டை போட்டுக்கொள்ளலாம், நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு அதுகூடத் தேவைப்படாது.

இப்போது ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். யூகே, யூஎஸ், ஈயூ என்று வரிசையாக எண்கள் இருக்கும், அந்த வரிசையில் சிஎம் என்றோ ஜேபி என்றோ ஒன்று இருக்கும். 25 அல்லது 250 என்று போட்டிருப்பது ஷூவின் உள் நீளம் அல்ல, எந்த நீளப் பாதத்துக்கு அந்த ஷூ செய்தது என்பது. விரலுக்கு முன்னால் விட வேண்டிய இடத்தைக் கம்பெனியே உள்ளே சேர்த்திருக்கும். இது தெரியாமல் 24.7-க்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நாமாகக் கூட்டி 26 வாங்கினால் இடைவெளி இரண்டு தடவை சேர்ந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

யூகே எண்ணை ஏன் நம்ப வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு பெரிய கம்பெனியின் யூகே 6-இல் 25 என்று இருக்கும், அதற்கு நிகரான இன்னொரு கம்பெனியின் யூகே 6-இல் 24.5 என்று இருக்கும். யூகேயில் ஒரு முழு சைஸ் என்பது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர், அரை சைஸ் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். கால் முன்னால் வழுக்குவதா வேண்டாமா என்பதை அந்த அரை சைஸ் தீர்மானிக்கும். கறுப்பு ஸ்கூல் ஷூ இன்னொரு அச்சில், வேறு அகலத்தில் செய்தது, அதன் எண்ணுக்கும் ஸ்டட்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே உங்கள் பையனுக்கு 25 என்று லேபிள் உள்ள ஷூதான் சரி, அது ஒரு கம்பெனியில் 6-ஆக இருக்கலாம், இன்னொன்றில் 6.5-ஆக இருக்கலாம், போகட்டும்.

போட்டுப் பார்க்கும்போது கயிற்றைக் கட்டாமல் காலை நுனிவரை தள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் போதும். பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி, கயிற்றைக் கட்டி, நின்று பாருங்கள். நுனியில் ஐந்திலிருந்து பத்து மில்லிமீட்டர் இடம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஓடும் ஷூவுக்குக் கட்டைவிரல் அகலம் விடுவார்கள், அந்தக் கணக்கு இங்கே செல்லாது, பந்தை உதைக்கிற காலுக்கு ஷூ கையுறை மாதிரி ஒட்டி இருக்க வேண்டும். நுனிக்காலில் நின்றால் குதிகால் மேலே கழன்று வரக் கூடாது. பக்கவாட்டில் பாதம் அடிப்பாகத்தைத் தாண்டிப் பிதுங்கினால் நீளம் சரியாக இருந்தாலும் அது இவனுக்கான ஷூ இல்லை, பெரிய சைஸுக்குப் போகாமல் அகலமான வேறு மாடலைப் பாருங்கள். கடைசியாக, வாசல் படியில் சாக்கு ஒன்றை விரித்து இறங்கி நடக்கச் சொல்லுங்கள், இறங்கும்போது விரல் நுனியில் முட்டக் கூடாது. சாக்கு எதற்கென்றால், அடியில் கீறல் விழுந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுங்கள். ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வாங்குவதாக இருந்தால் பையனையே கூட்டிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் வரைந்த காகிதத்தை வெட்டி, ஷூவின் உள் அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

ஸ்டட் எப்படிப்பட்டது என்பதில் ஒரு வார்த்தை. நம் பக்கத்து மைதானங்கள் நிறைய, கோடையில் கல்லுப்போல இறுகிய செம்மண், மழையில் சேறு. இறுகிய மண்ணில் நீளமான சில ஸ்டட்கள் மட்டும் உள்ள ஷூ போட்டால் எடை முழுக்க அந்தச் சில புள்ளிகளில் இறங்கிக் குதிகால் வலிக்கும், வளரும் பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே வரும். குட்டையாக, நிறைய ஸ்டட் உள்ளதே இவனுக்குப் போதும்.

இரண்டு வருஷம் வருமா?

ஸ்டட்ஸ் வராது. இந்த வயதில் வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறுவது சாதாரணம், நாம் விட்ட இடமோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆறு மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருஷம். ஆகவே பணத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். விலை உயர்ந்த ஒரு ஜோடியை இரண்டு வருஷத்துக்கு வாங்குவதை விட, அதே பணத்தில் நடுத்தர விலையில் இப்போது ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், ஷூவின் நுனியில் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாக வந்தால் மாற்றும் நேரம். பெரும்பாலான பையன்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் பாதம் நின்றுவிடும், இந்தச் செலவு அதுவரைதான்.

ஷின் கார்டு அப்படியில்லை. கணைக்கால் எலும்பு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், வேகமாக வளரும் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடும், கார்டுக்கோ மேலேயும் கீழேயும் விரல் கணக்கில் விட்டுத்தான் வாங்குகிறோம். 22 வாங்கினால் ஒரு வருஷம் தாராளமாக வரும், அதற்கு மேலும் வரலாம். கார்டைப் பழையதாகக்கூட வாங்கலாம், ஓடு விரிசல் விடாமல், உள் பஞ்சு அமுங்கிப்போகாமல் இருந்தால் சரி. அண்ணன் பையனுடைய 25-ஐத் திருப்பிக் கொடுக்காதீர்கள், புடைப்பிலிருந்து மடிப்பு வரை 32-க்கு மேல் வரும்போது அது இவனுக்குச் சரியாக இருக்கும். ஆனால் வேறு பிள்ளை போட்டுத் தேய்ந்த ஸ்டட்ஸ் வேண்டாம், அது அந்தப் பிள்ளையின் காலுக்கு வளைந்திருக்கும்.

கறுத்த நகத்தைப் பிடுங்கவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். வலி இல்லையென்றால் அப்படியே விடுங்கள், அடியில் புது நகம் வளர வளர அது தானாகத் தள்ளிக்கொண்டு வரும், கட்டைவிரல் நகம் முழுசாக வர ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். சீழ் வந்தால், சுற்றிலும் சிவந்து துடித்தால், மருத்துவரைப் பாருங்கள். மற்ற நகங்களை நேராக வெட்டுங்கள், ஓரத்தில் வளைத்து வெட்ட வேண்டாம்.

நீங்கள் வாங்கிய 7, லேபிளில் 26 என்று இருந்தால் வீணாகவில்லை. பாதம் 25.5-ஐத் தாண்டும்போது எடுத்துப் போடலாம். பஞ்சை எடுத்துவிட்டு, மண்ணைத் துடைத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் போகவில்லை என்று விறகடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை விட்டு, மேல்தோல் சுருங்கிவிடும், சுருங்கினால் லேபிளில் என்ன எண் இருந்தாலும் அந்த ஷூ அந்த அளவில் இருக்காது. காய்ந்த பிறகு துணிப்பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.